ஏபிஎஸ் விளக்கும் துணி துவைக்கும் காந்தமும்

மறுநாள் காலை நான் பொன்னேரிப் பள்ளியில் வேலைக்குச் சேர வேண்டும். மகள் பிறந்ததிலிருந்து வீட்டிலேயே இருந்தவளுக்கு அது பெரிய நாள். குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, நானே காரோட்டிப் பள்ளிக்குப் போவதாகத் திட்டம். அதற்கு முந்தின நாள் பார்த்து காரின் மீட்டருக்குள், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டியை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பியும் அது போகவில்லை.

கணவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருட்டாலையில் வேலை செய்கிறார். உள்ளே போகுமுன் போனை வாசலில் கொடுத்துவிட வேண்டும், கூப்பிட்டுக் கேட்க முடியாது. அதனால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்பில் நான்தான் நின்றேன். மேசையில் இருந்த இளைஞர் எஸ்டிமேட்டை நீட்டி, "இங்க ஒரு சைன் மேடம். பார்ட்டு சென்னையிலிருந்து வரணும், மூணு நாளாகும்" என்றார்.

மூன்று நாள். பேனாவை வாங்கிவிட்டேன். பிறகுதான் படித்தேன். ஏபிஎஸ் மாட்யூல், இடது முன்சக்கர சென்சார், முன் பிரேக் பேட், பிரேக் ஆயில், வேலைக்கூலி. கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று தோன்றியது. கேட்காமல் கையெழுத்துப் போட்டால் ராத்திரியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன் என்றும் தெரியும்.

"இதுல இந்த லைட்டுக்காகப் பண்றது எது, சும்மா சேர்த்துப் பண்றது எது?" என்றேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. கோளாறுக் குறியீடு இடது முன்சக்கர சென்சாரைத்தான் காட்டுகிறது என்றார். சென்சாரை மாற்றியும் விளக்கு எரிந்தால் ஏபிஎஸ்ஸை இயக்கும் மாட்யூல்தான் காரணமாக இருக்கும், அதனால் இரண்டையும் எழுதிவிட்டாராம். பிரேக் பேடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேட்டேன். உள்ளே வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் வந்து, பேடு இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது, இப்போது மாற்ற வேண்டாம் என்றார். பிரேக் ஆயில் மாற்ற வேண்டிய காலம் மட்டும் வந்துவிட்டது. அதற்குச் சரி சொன்னேன்.

இந்த விளக்கோடு ஓட்டலாமா என்றும் கேட்டேன். மஞ்சள் விளக்கு மட்டும் என்றால் சாதாரண பிரேக் பிடிக்கும், ஈர ரோட்டில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கலாம், சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை நகர்த்தவே கூடாது என்றார் மெக்கானிக். பின்னிருக்கையில் குழந்தையோடு மழையில் போவதை நினைத்துக்கொண்டே அடுத்ததையும் அவரிடம் கேட்டேன்.

"சென்சாரைக் கழட்டிப் பார்த்தீங்களா அண்ணா?"

"இன்னும் இல்லம்மா. கம்ப்யூட்டர் போட்டுதான் பார்த்தோம். இந்த மாடல்ல அதோட முனையில காந்தம் இருக்கும். சக்கரம் சுத்துறத அதுதான் படிக்கும்."

காந்தம் என்றதும் எனக்குள் ஏதோ துள்ளியது. கணவரின் சீருடையை வாஷிங் மெஷினில் போடுமுன் நான் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அதன்மேல் தேய்ப்பேன். இல்லாவிட்டால் எல்லாத் துணியிலும் துருக்கறை விழும். எடுத்துப் பார்த்தால் இரும்புத்தூள் ஒட்டிக் காந்தத்துக்குக் கறுப்புத் தாடி முளைத்திருக்கும். எங்கள் குடியிருப்பில் பல வீடுகளில் இப்படித்தான். கணவர் இந்தக் காரில் வேலைக்குப் போகும் நாட்களில் அதை நிறுத்துவதும் ஆலையில் இரும்பைச் சாணை பிடிக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில்தான்.

இதைச் சொல்லிவிட்டு, அசட்டுத்தனமாகப் பேசிவிட்டேனோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். மெக்கானிக் சிரித்தார். "துணிக்கே காந்தம் போடுற ஊட்டுல வண்டிக்குப் போடாம இருந்தா எப்படி" என்றவர், இளைஞர் பக்கம் திரும்பி, "மொதல்ல கழட்டிப் பாத்துரலாம்பா" என்றார்.

அதன்படி எஸ்டிமேட்டைத் திருத்தச் சொன்னேன். கழற்றிப் பார்த்துச் சுத்தம் செய்வது, ஒயரைப் பார்ப்பது, ஆயில் மாற்றுவது, ஓட்டிப் பார்ப்பது. வேறு எதைத் தொடுவதானாலும் முதலில் என்னைக் கேட்க வேண்டும் என்பதையும் எழுத வைத்தேன். அதற்குத்தான் கையெழுத்துப் போட்டேன்.

சற்று நேரத்தில் மெக்கானிக் கையை நீட்டிக் காட்டினார். சென்சாரின் முனையில் அதே கறுப்புத் தாடி. குழந்தை அதைப் பிடிக்கத் தாவியது, நான் இழுத்து அணைத்துக்கொண்டேன். துடைத்து மாட்டி, பிரேக் ஆயிலையும் மாற்றி, குறியீட்டை அழித்துவிட்டு, சோழவரம் பக்கம் ஓட்டிப் பார்க்கக் குழந்தையோடு என்னையும் ஏற்றிக்கொண்டார். ஓடும்போது நான்கு சக்கரங்களின் வேகமும் ஒரே மாதிரி கம்ப்யூட்டர் திரையில் வந்தது. விளக்கு எரியவில்லை.

"லைட்டு திரும்பி வந்தா?" என்றேன்.

"வந்தா கொண்டாங்க. அப்ப சென்சாரை மட்டும் மாத்தலாம். மாட்யூல் அதுக்கப்புறம்தான். வண்டியை அந்தக் கொட்டகைகிட்ட நிறுத்த வேணாம்னு சார்கிட்ட சொல்லுங்க."

இரவு கணவரிடம் சொன்னேன். பேடையும் மாற்றியிருக்கலாமோ என்று அப்போதுகூட ஒரு சந்தேகம். பாதிக்கு மேல் இருந்தால் இப்போது வேண்டாம் என்று அவரும் சொன்ன பிறகுதான் தூங்கினேன்.

காலையில் சாவியைத் திருப்பினேன். எப்போதும்போல எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. ஒவ்வொன்றாக அணைந்தன. மஞ்சள் மட்டும் ஒரு கணம் தங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அதுவும் அணைந்தது. பின்னால் மகள் கை தட்டினாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது. பள்ளிக்கு நேரமாகிவிடக்கூடாதே என்று கிளம்பினேன்.