பாதி வட்டி என் மருமகளுடையது

என் மருமகள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மகன் அவளை முதன்முதலில் கூட்டி வந்தபோதே, "இவதான்டா நம்ம வீட்டு ஆளு" என்று சொன்னவன் நான். மூன்றாம் வகுப்பைத் தாண்டாமல் ஒரு லாரியை நான்காக்கியவன். ஆளை எடைபோடுவதில் எனக்குத் தப்பாது.

இருவரும் சேர்ந்து கடன் வாங்கி வீடு வாங்கினார்கள். பத்திரத்தில் ஆளுக்குப் பாதி, தவணையிலும் ஆளுக்குப் பாதி. விடுமுறை நாளிலும் கூடுதல் வேலை பார்த்து அவள் தன் பாதியைப் போடுவாள். ஒரு மாதம்கூடப் பிந்தியதில்லை.

வங்கிக்குக் கட்டும் வட்டியை வருமானத்தில் கழித்தால் வரி குறையும். வங்கி இருவர் பெயரையும் போட்டு ஒரே சான்றிதழ்தான் தந்தது. வரிக் கணக்கு எழுதும் ஏஜெண்ட், அதே தாளைப் பார்த்து மகன் கணக்கிலும் முழு வட்டி, மருமகள் கணக்கிலும் முழு வட்டி என்று எழுதிவிட்டான். கட்டியது ஒரு வட்டி, கழித்தது இரண்டு வட்டி! விளக்கம் கேட்டு வரி அலுவலகத்திலிருந்து மருமகள் பெயருக்கு நோட்டீஸ் வந்தது.

மூவரும் அவன் அறைக்குப் போனோம். இப்படியா எழுதுவாய் என்று நான் சத்தம் போட்டேன். அவன் முகத்தில் ஒரு கூச்சம் வேண்டுமே!

"சும்மா இருங்க பெரியவரே. சாருக்குச் சம்பளம் அதிகம். முழு வட்டியும் அவர் கணக்குலயே இருந்தாத்தான் லாபம். மேடம், 'கடன்ல நான் பேருக்குத்தான் இருக்கேன், ஒத்த ரூபா கட்டல'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

தாளைத் தயாராகவே வைத்திருந்தான். மகன் பேனாவை எடுத்து நீட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டேய், உன் வரி குறையணும்னு அவ உழைப்பையே இல்லைன்னு எழுதச் சொல்றியா?"

"அப்பா, வெறும் பேப்பர்தானே..."

மருமகள் பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடப் போகிறாள் என்றே நினைத்தேன். அவள் அந்தத் தாளில் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"வெறும் பேப்பர்னா நீங்க எழுதிக் குடுங்க, நீங்க எதுவும் கட்டலைன்னு."

மகன் நோட்டீஸை எடுத்துப் புரட்டினான்.

"நான் கழிச்சதும் தப்பு, நீங்க கழிச்சதும் தப்பு. ஆளுக்குப் பாதிதான். ரெண்டு பேர் கணக்கையும் திருத்தணும்."

"நோட்டீஸ் உனக்குத்தானே வந்திருக்கு? என்னை எதுக்கு இழுக்கற?"

"எனக்கு வந்தா எனக்கு மட்டும் தப்பா? நல்லா இருக்கே உங்க நியாயம்!"

அன்றே அங்கேயே உட்கார்ந்து, அந்த ஏஜெண்டை வைத்தே இருவரும் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்தார்கள். குறைவாகக் கட்டியிருந்த வரியின் மீதியையும் தாமதத்துக்கான வட்டியையும் அவரவர் கட்டினார்கள். மகனுக்குத்தான் அதிகம், நன்றாக வேண்டும். பத்திர நகல், வங்கிச் சான்றிதழ், தவணை போன வங்கிக் கணக்கின் விவரம், வரி கட்டிய ரசீது எல்லாவற்றையும் சேர்த்து, தவறு நடந்ததை ஒப்புக்கொண்டு அவளே பதில் எழுதினாள். ஏற்றுக்கொண்டதாகத் தகவலும் வந்தது.

ஏஜெண்ட் போனில் கூப்பிட்டான். "பரவாயில்ல மேடம், இந்தத் தடவை ஃபீஸ் வேண்டாம்."

"நீங்க என்ன வேண்டாம்னு சொல்றது? போன தடவை வாங்கினதைத் திருப்பிக் குடுங்க" என்றாள்.

கொடுத்தான்.