மாந்தோப்பு முனைக்கு ஒரு நன்றி மெயில்

நாங்கள் நடத்திய ஓட்டப்போட்டி முடிந்த மூன்றாம் நாள் தன்னார்வலர்களுக்கு நன்றி மெயில் அனுப்ப உட்கார்ந்தேன். அதற்கு மேல் தள்ளினால் நன்றி ஆறிப்போய்விடும். முந்தைய வருடம் "ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி" என்று ஒரே வரியில் அனுப்பியிருந்தோம். மறுமுறை கூப்பிட்டபோது பாதிப்பேர் வரவில்லை. அதனால் இந்த முறை யார் என்ன செய்தார்கள் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று கமிட்டியில் பேசிச் சம்மதம் வாங்கிவந்தவள் நான்தான்.

முதல் பத்திகள் எளிதாக வந்தன. விடிவதற்கு முன்பே வந்து ஆரஞ்சுச் சுளை உரித்த நான்கு அக்காக்கள். சுண்ணாம்புப் பொடியால் சாலையில் அம்புக்குறி போட்டு, மாடு நடந்து அழித்த இடங்களில் மறுபடியும் போட்ட பால்காரர். நீர்மோர் பந்தலில் காகித டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே இருந்த கல்லூரிப் பிள்ளைகள். எழுத எழுத எனக்கே சந்தோஷமாக இருந்தது.

தேவதானப்பட்டித் தம்பியின் வரியில் வந்து நின்றுவிட்டேன்.

அவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். மோட்டார் பழுது பார்ப்பவன். பெரிய சாலையிலிருந்து மாந்தோப்புக்குள் திரும்பும் முனையில் கொடியுடன் அவனை நிறுத்தியிருந்தோம். பத்துக் கிலோமீட்டர் ஓடியவர்களில் என் மகளும் ஒருத்தி. அந்த முனைக்கு வரும்போதே அவளுக்கு மூச்சு இழுத்திருக்கிறது. தரையில் குந்தி, வாயைத் திறந்து, பேச முடியாமல் இருந்தாளாம். அவனுக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் இது சும்மா களைப்பு இல்லை என்று தெரிந்திருக்கிறது. பின்னால் வந்த ஒரு அம்மாவை நிறுத்தி, மகளை நடுவில் உட்காரவைத்து, அவரைப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தன் பைக்கில் மருத்துவக் கூடாரத்துக்குக் கொண்டு சேர்த்தான். டாக்டர் நெபுலைசர் வைத்த பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் உதடு இன்னும் நீலமாக இருந்தது.

புறப்படும் அவசரத்தில் அவன் கொடியை எதிரே இருந்த டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, "அண்ணே, வாரவகளுக்கு வழி காமிங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். தை மாதம். விடிகாலையில் மஞ்சள் உடுப்பில் வரிசையாக வருகிறவர்கள் பழனிப் பாதயாத்திரைக்காரர்கள் இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? எங்கள் பனியனும் மஞ்சள்தான். அவர் கொடியை ஆட்டி, "நேரா போங்க சாமி, அடுத்த மண்டபத்துல கஞ்சி ஊத்துறாக" என்று ஒரு கூட்டத்தையே பழனிப் பாதையில் அனுப்பிவிட்டார். பின்னால் புறப்பட்ட இருபத்தோரு கிலோமீட்டர் போட்டியில் முதல் பரிசுக்கு ஓடிவந்தவர்களும் அதில் இருந்தார்கள். மண்டபம் வரை போய், கஞ்சி குடிக்கக் கூப்பிட்டபோதுதான் அவர்களுக்குச் சந்தேகம் வந்ததாம்.

ஓடியவர்களுக்கு மறுநாளே தனியாக மன்னிப்பு மெயில் போட்டுவிட்டோம். ஆனாலும் கோபம் அடங்கவில்லை. முனையில் யார் நின்றது என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி வாட்ஸப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறியிருந்தான்.

நான் எழுதிய வரி இது: "தன் இடத்தை விட்டு ஓடிவந்து என் மகளின் உயிரைக் காத்த தம்பிக்கு…"

கமிட்டிச் செயலாளர் தேனியில் உரக்கடை வைத்திருப்பவர். வரைவைக் கடையிலேயே மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தார்.

"ஏம்மா, நன்றி சொல்றியா, போலீஸ்ல காட்டிக் குடுக்கியா?"

"என்னண்ணே?"

"இடத்தை விட்டுன்னு எழுதிருக்கியே. ஓகோ இவந்தானான்னு அத்தன பேரும் அவன் தலைய உருட்டுவாக. பேசாம எடுத்துரு."

"எடுத்தா, எம்புள்ளையத் தூக்கிட்டு வந்தவனுக்கு மட்டும் நன்றி இல்லையாண்ணே? ஆரஞ்சு உரிச்சதுக்கு உண்டு, இதுக்கு இல்லையா?"

அவர் யூரியா வாங்க வந்தவரிடம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து தம்பிக்குப் போன் செய்தேன். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தான்.

"அக்கா, புள்ள எப்படியிருக்கு?"

"நல்லாருக்கா. நீ எப்படியிருக்க?"

"இங்கன நடமாட முடியலக்கா. ஏலே, பழனிக்கு வழி எதுடான்னு எதுக்க வாரவனெல்லாம் கேக்கான். எம்பேரு போடாதீக. அடுத்த வருசமும் நான் வரல."

"நீ போனது தப்புன்னு நினைக்கிறியா?"

"போனது தப்பில்ல. கொடியக் குடுத்தேன், எந்தப் பக்கம்னு சொல்லல. அதான் மனசுல கெடக்கு."

ஒரு முனைக்கு ஒரே ஆளைப் போட்டது நாங்கள். அந்த ஆளுக்கு அவசரம் வந்தால் என்ன செய்வது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. இதை அவனிடம் சொன்னேன். அவன் "ம்" என்றான். ஒப்புக்கொண்டானா என்று தெரியவில்லை. "எழுதி உனக்கு முதல்ல அனுப்புறேன். நீ சரின்னாத்தான் போகும்" என்றேன்.

அந்த வரியை ஏழெட்டு விதமாக மாற்றினேன். கடைசியில் இப்படி நின்றது: "மாந்தோப்பு முனையில் நாங்கள் ஒருவரை மட்டுமே நிறுத்தியிருந்தோம். மூச்சுத்திணறிய ஓட்டக்காரரை அவர் உடனே மருத்துவக் கூடாரத்தில் சேர்த்தார். அந்த நேரத்தில் மற்றவர்கள் வழி தவறியதற்குக் காரணம் எங்கள் ஏற்பாட்டின் குறை. அடுத்த ஆண்டு எல்லா முனைகளிலும் இருவர் நிற்பார்கள். தம்பிக்கு எங்கள் நன்றி." என் மகள் என்று எழுதவில்லை. அது என்னுடைய தனி நன்றி. மெயில் எல்லோருடையது.

அன்று சாயங்காலமே பதில் வந்தது. "சரிக்கா. டீக்கடை அண்ணனையும் சேருங்க. நான் கேட்டேன்னுதான் கடைய விட்டுட்டு நின்னாக. யாவாரம் போச்சு அவுகளுக்கு."

சேர்த்தேன். "கேட்ட உடனே கொடி பிடித்து நின்ற டீக்கடை அண்ணனுக்கும்." செயலாளர் மறுபடியும் படித்துப் பார்த்து, மீசைக்குள் சிரித்து, அனுப்பு என்றார். ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாதபடி எல்லோருக்கும் போனது. கடைசியில், அடுத்த தை மாதமும் வாருங்கள், நாள் முடிவானதும் முதலில் உங்களுக்குத்தான் சொல்வோம், அதே வேலை வேண்டுமா வேறு வேண்டுமா என்று எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம்.

பதில்கள் வந்தன. பால்காரர் மாட்டைக் கட்டிப்போடச் சொல்லி எழுதியிருந்தார். தம்பியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு வாரம் தினமும் திறந்து பார்த்தேன். பிறகு ஒரு மத்தியானம் அவனே போன் செய்தான்.

"அக்கா, டீக்கடை அண்ணனுக்கு மெயில வாசிச்சுக் காமிச்சேன். ரெண்டாவது ஆளா அவுக நிக்கிறாகளாம். ஆனா கம்ப்யூட்டர்ல கூப்புட்டா அழைப்பு ஆகுமான்னு கேக்காக. நேர்ல வந்து சொல்லணுமாம்."

"முதல் ஆளு யாரு?"

"யாரோ ஒருத்தன்" என்று சிரித்தான். "வேற யாரு நிப்பாக அங்கன?"

ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கு பழத்துடன் தேவதானப்பட்டிக்குப் போனேன். மகளும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும், முனையில் காத்திருந்த தம்பி அவள் குந்தியிருந்த புளியமரத்தடியைக் காட்டினான். நான் அங்கேயே நின்று பார்த்தேன். அவள் சாதாரணமாக அதைத் தாண்டிப் போய்க் கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். கடைக்காரர் வெற்றிலை பாக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நீதான அந்தப் புள்ள? அடுத்த வருசமும் ஓடுவியாத்தா?"

அவள் என்னைப் பார்த்தாள். தம்பியும் என்னைப் பார்த்தான்.

"ஓடுவா" என்றேன். சொன்ன பிறகு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.