தரையில்லாத ஸ்டேஷன்

கல்லூரிக் கடைசி வருடத்தில் நானும் அவளும் சேர்ந்து ஒரு ரே ட்ரேசர் எழுதினோம். கிராபிக்ஸ் கார்டு எதுவும் இல்லாமல், லேபில் இருந்த பழைய கம்ப்யூட்டரின் சிபியுவை மட்டும் நம்பிப் படம் வரைகிற புரோகிராம். நான் பென்னாகரத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். அவள் பொம்மிடி. அவளுடைய அப்பா அங்கே ஸ்டேஷனில் டீ விற்கிறார். அதனால் எதை வரையலாம் என்று பேச்சு வந்தபோது அவள் யோசிக்கவே இல்லை, "எங்க ஸ்டேஷன வரையலாம்" என்றாள். டேப் எடுத்துப்போய் பெஞ்சு, பின்சுவர், தகரக் கூரை எல்லாவற்றையும் அளந்துகொண்டு வந்தாள். பிளாட்பாரத்தில் எந்நேரமும் படுத்துக் கிடக்கும் நாய்க்கு மட்டும் நெட்டிலிருந்து ஒரு மாடல் இறக்கினோம். கம்ப்யூட்டரில் எந்த உருவமும் சின்னச் சின்ன முக்கோணங்களை ஒட்டிச் செய்ததுதான், அந்த நாய் ஒன்றே இருபதாயிரம் முக்கோணம்.

புராஜெக்டுக்கு எங்கள் கைடாக இருந்த வாத்தியார் ஒரு விதி வைத்திருந்தார். ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் எழுதியவரின் ரோல் நம்பர் இருக்க வேண்டும். அடுத்தவர் ஃபைலைத் தொடக்கூடாது. தப்பு எந்த ஃபைலில் இருக்கிறதோ அந்த ரோல் நம்பர்தான் பதில் சொல்ல வேண்டும். நல்ல விதி என்றுதான் அப்போது நினைத்தேன். எனக்குச் சாதகமாக இருந்ததெல்லாம் அப்போது எனக்கு நல்ல விதிதான்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். கண்ணிலிருந்து படத்தின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் கதிர்களை அனுப்ப வேண்டும். ஒரு கதிர் முதலில் எந்த முக்கோணத்தில் படுகிறதோ அதன் நிறம்தான் அந்தப் புள்ளிக்கு. கதிர் முக்கோணத்துக்குள் படுகிறதா வெளியே போகிறதா என்று சொல்லும் கணக்கு என்னுடையது. கதிர் ஒரு பெட்டியில் படுகிறதா என்று சொல்லும் கணக்கும் என்னுடையதே. பெட்டி எதற்கு என்றால், இருபதாயிரம் முக்கோணத்தையும் ஒவ்வொரு கதிரோடும் ஒப்பிட்டால் ஒரு படம் வர இரண்டு மணி நேரம் ஆகிறது. முக்கோணங்களைப் பெட்டி பெட்டியாக அடைத்து, பெரிய பெட்டிக்குள் இரண்டு சின்னப் பெட்டி, அதற்குள் இன்னும் இரண்டு என்று மரமாக அடுக்கி, கடைசியில் ஒரு முக்கோணத்துக்கு ஒரு பெட்டி என்று முடித்தால், பெட்டியைத் தொடாத கதிர் உள்ளே இருக்கும் எதையும் பார்க்க வேண்டியதில்லை. பி.வி.எச். என்போம். அந்த மரம் அவளுடைய ஃபைல்.

மரத்தைச் சேர்த்ததும் படம் ஒரு நிமிடத்தில் வந்தது. ஆனால் தரையைக் காணோம். பின்சுவரைக் காணோம். பெஞ்சைக் காணோம். சாய்வான தகரக் கூரை இருந்தது, நாய் இருந்தது. நாய் அந்தரத்தில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

முதல் ரிவ்யூவில் கைடு அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பொம்மிடியில நாயெல்லாம் பறக்குமா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். மரத்தை எடுத்தால் படம் சரியாக வருகிறது, போட்டால் தரை போகிறது. அப்படியானால் தப்பு மரத்தில்தானே. அன்றிலிருந்து அவளுக்கு 'ஓட்டை மரம்' என்று பேர் வைத்தேன். கேன்டீனில், "ஓட்ட மரம் வருது, தரை பத்திரம்" என்பேன். அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்று கேட்டால் காரணம் இருக்கிறது. அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அது எனக்குத் தெரியும்.

பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனி, டைல்ஸ் கடைகளுக்கும் கட்டடக்காரர்களுக்கும் கம்ப்யூட்டரில் படம் செய்து கொடுப்பவர்கள், எங்கள் கல்லூரிக்கு வருவதாகச் சேதி வந்தது. ஒரே ஒரு ஆளைத்தான் எடுப்பார்கள். சொந்தமாக எழுதிய புரோகிராமைக் காட்ட வேண்டும். எங்கள் காலேஜுக்கு அதுவரை வந்த வேலையெல்லாம் போனில் கடன் அட்டை விற்கிற வேலை. ரே ட்ரேசர் எழுதியது நாங்கள் இருவர் மட்டும்தான். ஆக, ஒன்று நான், இல்லாவிட்டால் அவள்.

அவர்கள் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் தரை வந்துவிட்டது. அவள் தன் ஃபைலில் ஒரு வரி சேர்த்திருந்தாள். ஒவ்வொரு பெட்டியையும் எல்லாப் பக்கமும் ஒரு மயிரிழை பெரிதாக்கும் வரி. அவ்வளவுதான். தரை, சுவர், பெஞ்சு எல்லாம் வந்து நின்றன, நாய் இறங்கிப் படுத்தது. கைடு பார்த்துவிட்டு, "உன் ஃபைல்ல திருத்துன ஒடனே சரியாயிடுச்சுன்னா தப்பு உன்னுதுதானே?" என்று சொல்லி அவளுக்கு மார்க் குறைத்தார்.

அன்று மதியம் கேன்டீனில் அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"தப்பு ஒன்னோட பெட்டி கணக்குலடி இருக்கு. கதிர் பெட்டிக்குள்ள நுழையற தூரத்தவிட வெளிய வர்ற தூரம் கம்மின்னா படலன்னு சொல்லணும். நீ கம்மியா இருந்தாலும், சமமா இருந்தாலும் படலன்னு எழுதியிருக்க. தரை தட்டை. அதோட பெட்டியும் தட்டை. நுழையறதும் வெளிய வர்றதும் ஒரே எடம். சமமாத்தான் வரும். அதான் தரை காணாம போகுது. சாஞ்ச முக்கோணத்துக்குப் பெட்டி தடிமனா இருக்கும், அது தப்பிச்சுக்குது."

ஒரு சமன் குறி. இரண்டு மாதம் அவளை நான் கேவலப்படுத்தியது என்னுடைய ஒரு சமன் குறிக்கு.

"சார்கிட்ட சொல்லிட்டியா?" என்றேன்.

"சொல்லல. நீயே மாத்திக்க. நான் என் ஃபைல்ல கமெண்ட் மட்டும் போட்டிருக்கேன், எதுக்காக பெருசு பண்ணுனேன்னு. கம்பெனிக்காரங்க கேட்டா சொல்லணும்ல."

அங்கேயே கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் எனக்கு வந்தது கோபம். எவ்வளவு பெரிய மனசு இவளுக்கு, எனக்குப் பிச்சை போடுகிறாளா என்று நினைத்தேன். "சரி, பாக்கறேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். மாற்றவில்லை. இரண்டு வாரமும் மாற்றவில்லை.

கம்பெனிக்காரர்கள் வந்த அன்று முதல் பஸ் பிடித்து, லேப் அட்டெண்டர் கதவைத் திறக்கும்போதே போய் நின்றேன். எங்கள் புரோகிராம் லேப் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில் இருந்தது. முதலில் என் ஃபைலைத் திறந்து சமன் குறியை எடுத்தேன். பிறகு அவளுடைய ஃபைலைத் திறந்தேன். அவள் கமெண்ட் இரண்டு வரி. 'பெட்டிச் சோதனையில் சமன் குறி இருப்பதால் தட்டையான பெட்டிகள் விடுபடுகின்றன. அந்த ஃபைல் என்னுடையது இல்லை, அதனால் இங்கே பெட்டியைப் பெரிதாக்குகிறேன்.' என் பேரைக்கூட எழுதவில்லை. அந்த இரண்டு வரியையும் அழித்தேன். பெரிதாக்கும் வரியை மட்டும் அப்படியே விட்டுவைத்தேன். எதற்கு என்று அவளைக் கேள்வி கேட்க அது அங்கே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கை நடுங்கியது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும். நடுங்கவில்லை.

பெங்களூரிலிருந்து வந்தவர் சேலத்துக்காரர், தமிழிலேயே பேசினார். இருவரையும் சேர்த்து உட்கார வைத்தார். கைடும் பக்கத்தில் இருந்தார். கம்பெனிக்காரர் அவளுடைய ஃபைலைத்தான் முதலில் பார்த்தார். மரத்தை இரண்டாகப் பிரித்த விதத்தைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அந்த வரியில் வந்து நின்றார்.

"இது எதுக்கும்மா? பெட்டிய ஏன் பெருசு பண்றீங்க?"

"மேலயே எழுதியிருக்கேங்க சார்" என்று அவள் திரையைப் பார்த்தாள். மேலே ஒன்றும் இல்லை. கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தாள், கீழே தள்ளிப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கம்பெனிக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பரவால்ல, வாயில சொல்லுங்க."

சொன்னாள். கேன்டீனில் எனக்குச் சொன்ன மாதிரியே, தெளிவாக, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். அவர் என் ஃபைலைத் திறந்தார். பெட்டிக் கணக்கைப் படித்தார்.

"இங்க சமன் குறி இல்லையேம்மா. இது சரியாத்தானே இருக்கு?"

"இருந்துச்சுங்க சார்" என்றாள். "நான் அந்த வரிய எடுத்துட்டு ஓட்டிக் காட்டறேங்க சார். தரை போயிடும், பாருங்க." சொல்லிக்கொண்டே எடுத்துவிட்டாள், ஓட்டியும்விட்டாள். சமன் குறி போன பிறகு அந்த வரி இல்லாமலும் தரை நிற்கும் என்று அந்தப் பதற்றத்தில் அவள் யோசிக்கவில்லை. விதி விதி என்று அத்தனை நாள் என் ஃபைலைத் தொடாமல் இருந்தவள் அல்லவா, நான் அந்த விதியை மீறுவேன் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு நிமிடம் ஆகும் அந்தப் படம் வர. இன்னும் எத்தனை வரிசை பாக்கி என்று திரையில் எண் குறைந்துகொண்டே வந்தது. நால்வரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முடிவு என்ன என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்போதுகூட வாயைத் திறந்திருக்கலாம். ஒரு நிமிடம் சின்ன நேரம் இல்லை.

படம் வந்தது. தரை முழுசாக இருந்தது. சுவர், பெஞ்சு எல்லாம் இருந்தன. நாய் தரையில் படுத்திருந்தது.

கம்பெனிக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம்மா. கூட வேலை செய்யறவங்க மேல பழி போடறது நல்ல பழக்கம் இல்ல" என்றார். கைடு, "ரிவ்யூலயும் இவ ஃபைல்லதாங்க தப்பு சார்" என்று சேர்த்துக்கொண்டார். பிறகு கம்பெனிக்காரர் என்னிடம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, அந்த வரி எதுக்கு?" என்று கேட்டார்.

"மரத்துல எங்கயோ ஒரு ஓட்ட இருந்துச்சுங்க சார். அத மூட அவ போட்டது" என்றேன்.

அவள் வெளியே போகும்போது என் பக்கம் குனிந்து, "தரை வந்துடுச்சு பாத்தியா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வேலை எனக்குக் கிடைத்தது. அடுத்த வாரம் அவள் வீட்டு கம்ப்யூட்டரில் இருந்த பழைய பிரதியைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கைடிடம் போயிருக்கிறாள். அதில் என் சமன் குறியும் இருந்தது, அவள் கமெண்டும் இருந்தது. கைடு என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவளை எதிரே நிற்க வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

"வூட்ல போயி மாத்தி எடுத்துட்டு வந்து காட்டறாங்க சார்" என்றேன். "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் அவர். அவள் பென் டிரைவைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போனாள். பரீட்சைக்கு வந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. அதன்பிறகு அவளை நான் பார்த்ததில்லை. அப்பாவோடு ஸ்டேஷனில் டீ ஆற்றுகிறாள் என்று ஒருத்தி சொன்னாள். ஊருக்கு வரும்போது பொம்மிடி வழியாக வரும் ரயிலில் நான் ஏறுவதில்லை.

பெங்களூரில் இப்போது என் வேலை டைல்ஸ் கடைகளுக்குத் தரை வரைவது. வழவழப்பான தரை, ஜன்னல் வெளிச்சம் விழும் தரை, நாளைக்குப் பத்துப் பதினைந்து தரை. ஒன்றுகூட இதுவரை காணாமல் போனதில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பெட்டிக் கணக்கு சொல்லித்தருவதும் நான்தான். அந்த இடத்தில் சமன் குறி போடக்கூடாது, தட்டையான பெட்டி விடுபட்டுவிடும் என்று அவள் சொன்ன அதே வார்த்தைகளில் சொல்லுவேன். எவ்வளவு தெளிவா சொல்றீங்க மேடம் என்பார்கள். நானே கண்டுபிடித்தது என்று சொல்லியிருக்கிறேன்.