கொட்டாஞ்சேனைக் கவுண்டரும் ஒரு ஸ்கிரீன்ஷொட்டும்

அந்த ஸ்கிரீன்ஷொட்டைப் பார்த்தவுடனேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது நினைத்தாலும் வருகிறது.

வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு புடவைக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் மென்பொருள் நிறுவனம் இருந்தது. மொத்தம் பத்துப் பேர், ஒழுங்காக வேலை செய்யாத ஏசி ஒன்று. தனியார் இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றுக்கு நாங்கள்தான் சிஸ்டம் செய்து கொடுத்திருந்தோம். கொழும்பு முழுக்க அவர்களுக்குக் கிளைகள். கவுண்டரில் இருப்பவர் நோயாளியின் விபரத்தைத் தேடி எடுத்து, ரிப்போர்ட்டை அச்சடித்துக் கொடுக்க வேண்டும். கொட்டாஞ்சேனைக் கிளையில் மட்டும் வரிசை வாசலைத் தாண்டி வீதிக்கு வந்துவிடுகிறது என்று மாதக்கணக்காக முறைப்பாடு.

கடைசியில் அவர்களுடைய தலைமை அலுவலகம் எங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. பிழை சிஸ்டத்திலா, கவுண்டரில் இருக்கும் பெண்ணிலா என்று கேட்டிருந்தார்கள். அந்தப் பெண் இன்னும் நிரந்தரமாக்கப்படவில்லை. ஆறு மாதத் தகுதிகாண் காலம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. எங்கள் பதிலைப் பார்த்துத்தான் அவளை வைத்திருப்பதா அனுப்புவதா என்று முடிவெடுப்பார்கள் என்பதையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார்கள்.

பதில் போட்டது எங்கள் டீம் லீட். பதினைந்து வருட அனுபவம் உள்ளவர், நாங்கள் எல்லோரும் அண்ணா என்று கூப்பிடுகிறவர். அவர் அனுப்பியது ஒரே ஒரு வரியும் ஒரு ஸ்கிரீன்ஷொட்டும். "சிஸ்டம் இண்டெக்ஸைப் பயன்படுத்துகிறது, தாமதத்துக்குக் காரணம் மென்பொருள் அல்ல" என்பது வரி. ஸ்கிரீன்ஷொட்டில் இருந்தது குவெரி பிளான்.

குவெரி பிளான் ஒன்றும் மாயமில்லை. டேட்டாபேஸிடம் ஒரு கேள்வியைக் கொடுத்து, இதற்கு எந்த வழியால் பதில் தேடுவாய் என்று கேட்டால், அது தன் வழியை ஒரு சின்னக் கட்டத்தில் காட்டும். எந்த இண்டெக்ஸை, அதாவது விரைவாகத் தேட வைத்திருக்கும் எந்த அட்டவணையை, பிடிக்கும், சுமாராக எத்தனை வரிகளை வாசிக்க வேண்டிவரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அண்ணா அனுப்பிய கட்டத்தில் வரிகளின் எண்ணிக்கை நான்கு. அந்த நான்கைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் வேறு போட்டிருந்தார். அந்த வட்டத்துக்குப் பக்கத்திலேயே, யாரும் பார்க்காமல், இண்டெக்ஸின் பெயர் இருந்தது: idx_phone.

அதாவது அவர் பார்த்தது தொலைபேசி இலக்கத்தால் தேடுகிற கேள்வியை. கொட்டாஞ்சேனையில் அந்தப் பெண் எதை வைத்துத் தேடுகிறாள் என்று யாருக்கும் தெரியாது.

"அண்ணா, இது போன் நம்பரால தேடுறது. அந்தப் பிள்ளை எதால தேடுது எண்டு கேட்டனீங்களே?"

"எல்லாக் கிளையிலயும் போன் நம்பராலதான் தேடுறவை. நீ சும்மா போட்டுக் குழப்பாதை."

"கேட்டனீங்களா, இல்லையா?"

"இல்லை. இதுக்கெல்லாம் ஆரும் போன் எடுத்துக் கேட்பினமே? பிளான் வடிவா இருக்குத்தானே."

வடிவாம். ஒரு மனிசியின் வேலை போகப் போகிறது, இவருக்குப் பிளான் வடிவாக இருக்கிறதாம். எனக்கு வாயில் வந்ததை அங்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே என் வேலையும் போயிருக்கும். மடிக்கணினியைத் தூக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுநாள் காலையில், அது புதன்கிழமை, கோட்டை வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் கொட்டாஞ்சேனைக்குப் போய் இறங்கினேன்.

வரிசை உண்மையிலேயே வீதிக்கு வந்திருந்தது. கவுண்டரில் இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இருக்கும் ஒரு பெண். முகத்துவாரத்தில் இருந்து வந்த மீன்பிடிக்காரர் ஒருவர், பில் நனைந்துபோய்விட்டது என்று சொல்லித் தொலைபேசி இலக்கத்தைச் சொன்னார். அவள் அதைக் கேட்டும் கேட்காததுபோல அடையாள அட்டையைத் தரச் சொன்னாள். இலக்கத்தை அடித்து என்டர் தட்டினாள். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் நின்ற ஒரு பெண், தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் சொல்லி, "நங்கி, இண்டைக்கு முடியுமா இது?" என்று சத்தம் போட்டார். இவள் தலையை நிமிர்த்தவேயில்லை.

கொஞ்சம் கூட்டம் குறைந்ததும், நான் யார் என்று சொல்லி, ஏன் தொலைபேசி இலக்கத்தால் தேடுவதில்லை என்று கேட்டேன்.

"போன் நம்பர் அடிச்சா டக்குனு வரும் மிஸ். ஆனா இந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கே ஒரு போன்தான். பக்கத்து வீட்டு ஆளுங்களும் அதே நம்பரைத்தான் குடுப்பாங்க. அடிச்சா எட்டுப் பேரு வர்றாங்க, அதுல ரெண்டு பேருக்கு ஒரே பேரு. நான் வந்த முதல் வாரம் ஒருத்தரோட சுகர் ரிப்போர்ட்டை இன்னொருத்தருக்குக் குடுத்துட்டேன். அதுலேருந்து ஐடி அடிச்சுத்தான் எடுக்கிறேன்."

"ஐடி அடிச்சா இப்படிச் சுத்துது எண்டு ஆருக்கும் சொன்னனீங்களா?"

"சொன்னேன் மிஸ். கொஞ்சம் வேகமா டைப் பண்ணப் பழகச் சொன்னாங்க."

பிழையான ஆளிடம் ரிப்போர்ட் போகக்கூடாது என்று கவனமாக இருந்ததற்குத்தான் அவளுக்கு மந்தம் என்று பட்டம். மற்றக் கிளைகளில் எத்தனை ரிப்போர்ட் கைமாறிப் போயிருக்குமோ, அவர்களைக் கெட்டிக்காரர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அங்கேயே, இரத்தம் எடுக்கிற அறையின் மூலையில் ஒரு கதிரையில் உட்கார்ந்து, அடையாள அட்டை இலக்கத்தால் தேடுகிற கேள்விக்குப் பிளானை எடுத்துப் பார்த்தேன்.

வகை என்ற இடத்தில் ALL, எல்லாம். இண்டெக்ஸ் என்ற இடத்தில் NULL, ஒன்றுமில்லை. வரிகளின் எண்ணிக்கை ஒன்பது இலட்சத்துக்கு மேல். அது மதிப்பீடுதான், ஆனால் கிட்டத்தட்ட டேபிளில் இருப்பதெல்லாம் அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் அவள் என்டர் தட்டும்போது, ஒரே ஒரு ஆளைக் கண்டுபிடிக்க, எல்லாக் கிளைகளின் எல்லா நோயாளிகளையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அந்த டேட்டாபேஸ் வாசித்துக்கொண்டிருந்தது. காலை நேரத்தில் எல்லாக் கிளைகளின் வேலையும் அதே சேர்வரில் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். இப்படி இருக்கையில் அவள் விரல் வேகமாகப் போயென்ன, போகாமல் விட்டென்ன?

ஆனால் அடையாள அட்டை இலக்கத்துக்கும் இண்டெக்ஸ் இருந்தது. அது எனக்கு நல்ல ஞாபகம். இருக்கிற இண்டெக்ஸை விட்டுவிட்டு ஏன் எல்லாவற்றையும் வாசிக்கிறது என்று கேள்வியைத் திறந்து பார்த்தேன். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் வி என்ற ஆங்கில எழுத்து வரும். சிலர் அதைச் சின்ன எழுத்தில் அடிப்பார்கள், சிலர் பெரிய எழுத்தில். அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க, தேடும் இடத்தில் பதிந்து வைத்த இலக்கத்துக்கு மேல் UPPER என்று ஒரு கட்டளையைச் சுற்றி வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிட்டு ஒப்பிடு என்று அர்த்தம்.

கெடுத்தது அதுதான். இண்டெக்ஸ் என்பது, பதிந்து வைத்த இலக்கங்களை அப்படியே வரிசைப்படுத்தி வைத்திருக்கும் பட்டியல். மாற்றிய இலக்கத்தைக் கேட்டால் அந்தப் பட்டியலில் அது கிடையாது. ஆகவே ஒவ்வொரு வரியையும் எடுத்து, மாற்றி, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான். அதைவிடக் கேவலம், எங்கள் டேட்டாபேஸ் அமைப்பில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். ஒப்பிடும்போது அது வித்தியாசமே பார்ப்பதில்லை. அந்த UPPER ஒரு சதத்துக்கும் பிரயோசனமில்லாத வேலை. டேபிள் சின்னதாக இருந்த காலத்தில் அதன் பாரம் யாருக்கும் தெரியவில்லை.

எந்த மடையன் இதைச் செய்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு புரோகிராமில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பழைய பதிவுகளைத் தேடினேன். என் பெயர் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன், ஏதோ ஒரு கிளையில் இலக்கம் அடித்தால் ஆள் வரவில்லை என்று சொன்னார்கள். என்ன அடித்தார்கள் என்று கேட்கக்கூட இல்லை. எழுத்துப் பிரச்சினையாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்து, UPPER என்ற ஒரு சொல்லைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். அண்ணாவைக் கேட்ட அதே கேள்வியை என்னை யாரும் கேட்கவில்லை.

மடிக்கணினியை மூடிவிட்டு அவளிடம் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தேன். அந்த நேரத்தில் சொல்லத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை.

மத்தியானம் அலுவலகத்தில் அண்ணா இரண்டாவது பிளானைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சரி, அந்தச் சொல்லைத் தூக்கு. சனிக்கிழமை வழமையான அப்டேட்டோட சேர்த்துப் போடுவம். ஆருக்கும் ஒண்டும் எழுதாதை."

"வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளையை நிப்பாட்டப் போறாங்கள் அண்ணா."

"அது அவையின்ட நிர்வாகம். நாங்கள் பிழை எண்டு எழுதினால் ஒப்பந்தத்தில கை வைப்பாங்கள். உன்ட பேர்தான் முதல்ல வரும், அதையும் யோசி."

"யோசிச்சுப் பாருங்கோ. வெள்ளி அவளை அனுப்பி, சனி நாங்கள் திருத்தி, திங்கள் புதுப் பிள்ளை வந்தா வரிசை ஓடும். 'பாத்தியா, பழைய பிள்ளைதான் பிழை' எண்டு எல்லாரும் சொல்லுவினம். எங்கட பிழையை அவளின்ட தலையில கட்டுறீங்களே?"

அவர் தலையைத் திருப்பிக்கொண்டு தன் திரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அன்று மாலையே எழுதினேன். அண்ணாவின் ஸ்கிரீன்ஷொட்டையும், என்னுடைய இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தேன். முதலாவது, அவள் கேட்காத கேள்விக்கு. இரண்டாவது, அவள் நாள் முழுக்கக் கேட்கிற கேள்விக்கு. மூன்றாவது, எங்கள் ஒத்திகைச் சேர்வரில் UPPER என்ற அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அதே கேள்விக்கு எடுத்தது: இண்டெக்ஸ் பிடிபட்டு, வாசிக்க வேண்டிய வரி ஒன்று. அந்தச் சொல்லைப் போட்டது நான்தான் என்று கடைசியில் எழுதி, பரிசோதனை நிலையத்தின் தலைமை அலுவலகத்துக்கும் எங்கள் நிர்வாகம் அத்தனை பேருக்கும் அனுப்பினேன்.

அவளை நிறுத்தவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அண்ணா இரண்டு வாரம் என்னோடு கதைக்கவில்லை, அதனால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை.

திருத்தம் போட்ட பிறகு, சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத் திரும்பக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். இலக்கத்தை அடித்தாள், கையை எடுக்க முதல் பெயர் வந்து நின்றது. வரிசை வாசலுக்குள் அடங்கியிருந்தது. அவள் சந்தோசப்படுவாள், நன்றிகூடச் சொல்லுவாள் என்று மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்துக்கொண்டுதான் நான் நின்றேன். வெட்கமாக இருக்கிறது சொல்ல.

"மிஸ், அந்தப் பிழை நீங்க போட்டதுன்னு மேனேஜர் சொன்னாரு. நெசமா?"

"ஓம். நான்தான்."

அவள் அடுத்த ஆளின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"நான் மூணு மாசமா பக்கத்து வீட்டுல கீபோர்ட் இரவல் வாங்கி வீட்டுல டைப் பண்ணிப் பழகினேன் மிஸ். விரல் வீங்கிப் போச்சு. எங்கம்மா என்னை, எதுலயும் மந்தம்தானே நீன்னு சொன்னப்போ, நானும் ஆமான்னு சொன்னேன்."

இலக்கத்தை அடித்து என்டர் தட்டினாள். எனக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கும் முன்பே ரிப்போர்ட் வந்துவிட்டது.