சேலத்துக்குப் போக முடியாது என்று எழுதினேன்

யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்ததும் பஸ்களெல்லாம் கரியில் ஓட ஆரம்பித்தன. வண்டியின் பின்பக்கம் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு இருக்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, கையால் காற்றாடியைச் சுற்றி மூட்டினால் அதிலிருந்து வரும் காஸில் எஞ்சின் ஓடும். புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் நான் மெக்கானிக். சாயங்காலம் வீடு திரும்பும்போது என் முகத்தில் பல் மட்டும்தான் அடையாளம் தெரியும் என்பாள் என் மனைவி.

ஒரு சனிக்கிழமை மானேஜர் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்.

"திங்கக்கிழமை நீ சேலம் ஷெட்டுல இருக்கணும். அங்க இருந்த ஆளு பட்டாளத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போயிட்டான்."

"எத்தனை நாளைக்கு சார்?"

"நாளென்ன நாளு? இனிமே நீ சேலத்து ஆளுய்யா!"

வீட்டில் ஆத்தா பக்கவாதத்தில் கிடந்தாள். அவளைத் தூக்கி உட்கார வைக்க, கொல்லைக்குக் கொண்டுபோக என்னை விட்டால் ஆளில்லை. மனைவிக்கு நிறைமாதம், தலைப்பிரசவம். பிறந்த வீட்டுக்கு அனுப்பலாம் என்றால் அவளுக்குத் தாய் இல்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"என்னையக் கரிமூட்டையோட ஒரு மூட்டையா வண்டி மேல ஏத்திருங்க. ஆத்தாவ எப்பிடி ஏத்துவீங்க?" என்று கேட்டுவிட்டு, அவளே சிரித்தாள். பிறகு அழுதாள்.

தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவர் ஒருவர் உண்டு. அவரிடம் போனேன். தங்கள் பாதாரவிந்தங்களில் என்று அவர் எழுதத் தொடங்க, பாதிப் பக்கம் வரை நான் முதலாளியின் காலிலேயே கிடந்தேன். பிறகு பேனாவை நிறுத்தி யோசித்தார்.

"ஆத்தா தவறிட்டாங்கன்னு போட்டுருவமா? மனு பலமா இருக்கும்."

"தவறிட்டா நான் சேலத்துக்கே போயிருவேனேங்க!"

அவர் அதை ஒப்புக்கொண்டார். ஆனாலும் அந்தப் பாதாரவிந்தங்களை அடிக்க மாட்டேனென்றார். வீட்டுக்கு வந்து நானே உட்கார்ந்து எழுதினேன்.

"முதலாளி அவர்களுக்கு வணக்கம். சேலம் போகும்படி வந்த உத்தரவைப் பார்த்தேன். இப்போது என்னால் போக முடியாது. தாயார் பக்கவாதத்தில் இருக்கிறார். மனைவிக்குப் பிரசவ சமயம். வீட்டில் வேறு ஆண்துணை இல்லை. ஒருநாள் அவகாசத்தில் குடும்பத்தைப் பெயர்க்கவும் வழியில்லை. பிரசவம் ஆனபின் பத்து நாள் சேலம் போய் அங்கே அமர்த்துகிறவருக்குக் கரியடுப்பு வேலையைக் கற்றுக்கொடுக்கச் சித்தமாயிருக்கிறேன். இங்கே என் வேலையில் குறை வைக்கமாட்டேன். இதை ராஜினாமாவாக எடுத்துக்கொள்ள வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்."

திங்கட்கிழமை அதைப் படித்த மானேஜரின் மீசை துடித்தது.

"மாட்டேன்னு எழுதியிருக்கியா?"

"முடியாதுன்னு எழுதியிருக்கேன் சார்."

"ரெண்டும் ஒண்ணுதான்!"

"இல்லீங்க சார். வண்டி ஓடாததும் டிரைவர் ஓட்டமாட்டேங்கறதும் ஒண்ணா?"

உள்ளறையில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. முதலாளி வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

"அதை இங்கிட்டுக் கொண்டாங்க" என்றார். இரண்டு தரம் படித்தார்.

"பிரசவ நேரத்துல இவரை எதுக்கய்யா அனுப்புறீங்க? ஷெட்டுல இன்னொரு மெக்கானிக் இருக்காருல்ல?"

மானேஜர் தொண்டையைச் செருமினார். அந்த இன்னொரு மெக்கானிக் அவர் மனைவியின் தம்பி. கல்யாணமாகாதவன். அக்கா வீட்டில் மூன்று வேளையும் சாப்பாடு.

"அவன் சின்னவன், முதலாளி…"

"இருபத்தஞ்சு வயசு சின்ன வயசா? அவரே போகட்டும். இவரு பின்னால போய்ச் சொல்லிக் கொடுக்கட்டும்."

வெளியே வரும்போது மானேஜர் என்னைப் பார்க்கவே இல்லை. அன்று மத்தியானம் அந்த மச்சினன் எஞ்சினுக்கடியில் படுத்திருந்த என் காலைத் தட்டினான்.

"அண்ணே, நீங்க எழுதின லெட்டரை எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்கண்ணே."

"ஒனக்கு என்ன காரணம்னு எழுத?"

"அதே காரணந்தான். மனைவிக்குப் பிரசவம்னு."

"மனைவி எங்கடா?"

"இனிமே வரும்ல?"

இருவரும் கரிமூட்டை மேல் உட்கார்ந்து காரணம் தேடினோம். அவன் அம்மா திடகாத்திரமாக ஊரில் நாற்று நடுகிறாள். தங்கைக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. கடைசியில் அக்கா சமையலைத் தவிர வேறு எதையும் சொல்ல அவனால் முடியவில்லை. அதை எழுதினால் மானேஜருக்கே தலைகுனிவு என்று அவனாகவே விட்டுவிட்டான். மறுநாள் டிரங்குப் பெட்டியோடு ரயிலேறினான். அவனை ஏற்றிவிட நானும் போனேன்.

அந்த வாரமே எனக்குப் பெண் பிறந்தது. ஆத்தா அசையும் கையால் அதன் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மனைவி எழுந்து நடமாடத் தொடங்கி, அவளுடைய சித்தியும் துணைக்கு வந்த பிறகு, சொன்னபடி சேலம் போனேன். ஷெட் வாசலில் அவன் முகமெல்லாம் கரியாக நின்றான். ஒரு சுற்றுப் பெருத்திருந்தான்.

"இங்க சாப்பாடு மோசமில்லண்ணே" என்றான்.