படுத்து எழுந்த பேட்டரி

கடலுக்குப் போகிற பேட்டரியைக் கரையில் எவ்வளவு நேரம் விளக்கு எரியவிட்டுச் சோதித்தால் போதும்? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

பட்டினச்சேரியில் என் கணவரும் இரண்டு கூட்டாளிகளும் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறார்கள். வயர்லெஸ், ஜி.பி.எஸ்., விளக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரி. மகள் பிறந்ததிலிருந்து, வயர்லெஸ்ஸில் அவர் குரல் வராவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஒருமுறை திரும்பி வரும் வழியிலேயே விளக்கு மங்கி, வயர்லெஸ்ஸும் நின்றுபோனது. பேட்டரியைக் கொண்டுவந்து வாசலில் போட்டார். மறுநாள் மீட்டர் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டரை வோல்ட். கல்லூரியில் இயற்பியல் படித்தவள் நான். “நல்லாத்தான் இருக்குங்க, எடுத்துட்டுப் போங்க” என்றேன்.

“நேத்து படுத்தது இன்னைக்கு எந்திரிச்சி உக்காந்துடுச்சே!” என்று அவர் அதைத் தூக்கப் போனார்.

குழந்தையைத் தூக்க வந்திருந்த என் நாத்தனார் தடுத்தாள். கடைத்தெருவில் அவளும் அவள் கணவரும் பேட்டரிக்கு சார்ஜ் போடும் கடை வைத்திருக்கிறார்கள்.

“சும்மா கெடக்குறப்ப அளந்தீங்களா அண்ணி? வெளக்கப் போட்டுட்டு அளங்க.”

படகு விளக்கை மாட்டினாள். பளிச்சென்று எரிந்தது.

“பாத்தியா? கடைக்கு ஆள் புடிக்க வந்துட்டா!” என்று கணவர் சிரித்தார்.

“கொஞ்சம் நில்லுண்ணே. உன் வாய் ஓயறதுக்குள்ள அது ஓஞ்சிடும்.”

மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு, பதினொன்றரை, பத்துக்கும் கீழே. விளக்கு மஞ்சளாகிச் சுருங்கியது. அவர் சிரிப்பும் நின்றது. விளக்கைக் கழற்றியதும் எண் மறுபடி மெல்ல ஏறத் தொடங்கியது. அதுதான் என்னை ஏமாற்றிய எண்.

“தகட்ட ஒட்டியிருக்குற ஆசிட்தான் மொதல்ல தீரும் அண்ணி. சும்மா வெச்சா, தள்ளி நிக்கிற ஆசிட் மெல்ல ஊறி உள்ள வரும், வோல்ட்டும் ஏறும். ஆனா சரக்கு கூடல. சார்ஜ் போட்டாத்தான் கூடும். இது பழசு வேற, தகட்டுல உப்பு படிஞ்சிருக்கு. சார்ஜ் போட்டாலும் முழுசா புடிக்காது.”

பிள்ளையை இடுப்பில் வைத்தபடி இவ்வளவையும் சொன்னாள். பாடத்தில் இதையெல்லாம் நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் வாசலில் கிடந்த பேட்டரியில் அதைப் பார்க்கத் தோன்றியது அவளுக்குத்தான். அன்று முதல் அவள்மேல் எனக்குத் தனி மரியாதை. அந்தப் பேட்டரியின் மேல்கூட ஒரு வியப்பு. ஓய்ந்த பிறகும் தன்னிடம் மிச்சமிருப்பதையெல்லாம் தகட்டருகே சேர்க்கப் பார்க்கிறதே!

கடையிலிருந்து சார்ஜ் ஏறிய வேறொரு பேட்டரியை அவளே கொடுத்தனுப்பினாள். கூட்டாளிகள் காத்திருந்து முணுமுணுத்தார்கள். கணவர் அந்தப் பேட்டரியைப் படகில் மாட்டினார். அன்று கடலிலிருந்து அவர் குரல் தெளிவாக வந்தது.

இப்போது ஒவ்வொரு முறையும் விளக்கை மாட்டித்தான் பார்க்கிறேன். சீக்கிரம் கழற்றினால், இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாமோ என்றிருக்கிறது. விட்டுவைத்தால், “கடலுக்குப் போற சார்ஜ நீயே குடிச்சிடாத” என்கிறார் கணவர். அதுவும் நியாயம்தான்.

வீட்டுக்காரரைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கரையில் இருப்பவர்களே, நீங்கள் எந்த இடத்தில் போதும் என்று விளக்கைக் கழற்றுகிறீர்கள்? எனக்கும் சொல்லுங்கள்.