முதல் கேட்டில் நின்ற பழைய லோடு

எத்திராஜுக்கு ஷோபாவைக் கண்டாலே வயிறு எரியும். எரியாமல் என்ன செய்யும்? பங்காருபாளையம் பக்கத்து மாங்கூழ் ஃபேக்டரியில் எத்தனையோ சீசனாக, காய் வண்டிகளுக்கு டோக்கன் போட்டு உள்ளே விடும் முதல் கேட்டைக் கட்டிக்கொண்டு மாரடிப்பவன் அவன். ஷோபா நேற்று வந்தவள். இரண்டாம் கேட்டில் உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே மேனேஜர் கோவர்த்தனன் வாயில் அவள் பேச்சுதான். வண்டிகள் நிற்கும் யார்டு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் இன்சார்ஜ் பதவி இந்த சீசனில் இருவரில் ஒருவருக்கு. அது அவளுக்குப் போய்விட்டால் அப்புறம் ஊரில் எப்படித் தலை காட்டுவது?

தன் கேட்டில் காத்து நிற்கும் வண்டி குறைந்தால் பதவி தன்னுடையது என்று கணக்குப் போட்டான். ஒரு பெரிய லாரியை இறக்கும் நேரத்தில் எத்தனையோ மினி வண்டிகளை இறக்கிவிடலாம். அப்புறமென்ன, மினி வண்டிக்கெல்லாம் முதல் டோக்கன், லாரிகள் புளியமரத்தோரம். நாலைந்து நாளில் அவன் வரிசை மளமளவென்று சுருங்கியது. ஷோபாவின் வரிசை ரோடு வரைக்கும் நீண்டது. அன்றைக்குச் சோறு அவனுக்கு அமிர்தமாக இறங்கியது.

மறுநாள் கோவர்த்தனன் இருவரையும் கூப்பிட்டு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"ஷோபா கேட்டுக்கு மணிக்கு வர்ற வண்டி ஏறிக்கினே போவுது. காத்திருக்கிற நேரமும் கூடவே ஏறுது. இறக்குற ஆளு பத்தலைன்னு அர்த்தம். இந்தப் பொண்ணு முன்னாடியே வந்து ஆளு கேட்டுச்சு, நான்தான் லேட் பண்ணிட்டேன்."

எத்திராஜ் பக்கம் திரும்பினார். "உனக்கு வரத்து மாறவே இல்ல. இறக்குற ஆளும் அதேதான். வண்டி கொறையுது, சரி. ஆனா நிக்கிறதுலயே பழைய லோடு காத்துக் கெடக்குற நேரம் தினம் ஏறிக்கினு இருக்குதே, ஏன்? யாரையோ தாண்டித் தாண்டி மத்தவங்கள உள்ள வுடுற. எந்த வண்டிய்யா அது?"

மூவரும் புளியமரத்தடிக்குப் போனார்கள். அங்கே நின்ற ஒரு லாரிக்கு அடியில் சாறு ஒழுகி ஈ மொய்த்தது. டிரைவர் தார்ப்பாயை விலக்கினான். புளித்த வாடை குப்பென்று அடித்தது. இனி அந்தக் காயை ஃபேக்டரி எடுக்காது.

"யாரு தோட்டம்?" என்றார் மேனேஜர்.

டிரைவர் ஷோபாவைப் பார்த்தான். "இவங்க வூட்டுதுதான் சார். புத்தலப்பட்டுல இருக்குது."

சத்தியமாக எத்திராஜுக்கு அது தெரியாது.

"உன் கேட்டுக்கே அனுப்பியிருக்கலாமேம்மா?" என்று ஷோபாவிடம் கேட்டார் மேனேஜர்.

"சொந்தக் காய்க்கு மொத டோக்கன் குடுத்தேன்னு பேசுவாங்க சார்," என்றாள் ஷோபா. "எத்திராஜ் அண்ணன் வரிசைப்படி வுடுவாரு, அங்கயே வண்டிய அனுப்பு நைனான்னு எங்கப்பாகிட்ட நான்தான் சொன்னேன்."

அவ்வளவுதான். இன்னும் தேறும் காய் ஏதாவது இருக்கிறதா என்று லாரியில் ஏறிப் பார்த்தாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் கூடத் தேவலை. திட்டாமல் இருக்க இவளுக்கு மட்டும் எப்படித்தான் முடிகிறதோ என்று அப்போதும் எத்திராஜுக்கு வயிறு எரிந்தது.